ஒரு பெயருக்கு 67,800 ரூபாய்

2023 மார்ச் மாதம். வாணலியில் எள் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தபால்காரர் ஒரு பதிவுத் தபாலைக் கொண்டுவந்து கொடுத்தார். கையில் எண்ணெய்ப் பிசுக்கு, அதனால் புறங்கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். பொடிக்கு ஏதோ ஆர்டர் வந்திருக்கிறது, பெரிய கடை போல, அதுதான் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள் என்று நிஜமாகவே நினைத்தேன். பிரித்துப் பார்த்தால் வக்கீல் நோட்டீஸ். நான் விற்கும் பெயர், எங்கோ வேறு மாவட்டத்தில் மசாலா விற்கும் ஒரு நிறுவனம் 2014 முதல் பயன்படுத்திப் பதிவும் செய்து வைத்திருக்கும் பெயரோடு ஒலியில் ஒத்துப்போகிறதாம். 15 நாளுக்குள் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் கோர்ட் என்று எழுதியிருந்தது. எள் கருகிப்போனது. அரைக் கிலோ.

அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். என் கோபமெல்லாம் என் மேல்தான். இட்லிப் பொடிக்கு உளுந்தும் கடலைப் பருப்பும் என்ன விகிதம் என்று ஆறு மாதம் மண்டையை உடைத்தவள், பெயரை ஒரே ராத்திரியில் வைத்தேன்.

2020 ஊரடங்கில் தெரிந்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, அப்புறம் மாங்காய்த் தொக்கும் எலுமிச்சை ஊறுகாயும். அப்போது பெயரே கிடையாது. பழைய பாட்டிலில் போட்டு மூடியில் மார்க்கரால் எழுதிக் கொடுப்பேன். 2022 தொடக்கத்தில் எங்கள் ஊர் டிபார்ட்மென்ட் ஸ்டோர்க்காரர், "அக்கா, கவர்ல பேர் இல்லாம ரேக்ல வைக்க முடியாது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். அன்று இரவு குடும்பமே உட்கார்ந்து பெயர் யோசித்தோம். மாமியார் "பாட்டி கைமணம்" என்றார். நாத்தனார் "கிராமத்து" என்று தொடங்கும் எதையாவது வைக்கச் சொன்னார். என் மகன் "சுத்தமான" என்று ஒரு வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும் என்றான். கடையில் போய் நின்றால் பாட்டி, அம்மா, கிராமம், மண்பானை என்று வரிசையாக இருக்கிறதே, அதில் நாமும் போய் ஒளிந்துகொள்வதா என்று எனக்குத் தோன்றியது. அந்த யோசனை சரிதான். அதற்குப் பின் செய்தது எல்லாம் தவறு.

நான் தேர்ந்தெடுத்த பெயர் "குழவி". அம்மிக் குழவி. சின்ன வார்த்தை, அரைப்பதோடு சம்பந்தப்பட்டது, பழைய இலக்கியத்தில் குழந்தைக்கும் அந்தச் சொல் உண்டு என்று மகள் சொன்னாள். எனக்குப் புல்லரித்தது. கூகுளில் தேடினேன், பெரிய பிராண்டு எதுவும் கண்ணில் படவில்லை. இன்ஸ்டாகிராமில் அந்தப் பெயரில் பக்கம் கிடைத்தது. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். பொய் சொல்லக் கூடாது, பிராண்டு பெயர்களைப் பதிவு செய்யும் அரசின் டிரேட்மார்க் தளத்திலும் ஒரு தடவை தேடினேன். எப்படித் தேடினேன் என்பதில்தான் கதையே இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதல் அடி நோட்டீஸ் வருவதற்கு ஒரு வருடம் முன்பே விழுந்தது. அது அடி என்று எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். போனில் ஆர்டர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் "குளவிப் பொடிதானே?" என்பார்கள். குளவி! கொட்டுகிற குளவி! "இல்லைங்க, குழவி, அம்மிக் குழவி" என்று திருத்தித் திருத்தி வாய் வலித்தது. பக்கத்து ஊர் டீக்கடைக்காரர் ஒருவர் "காரம் கொட்டும்னுதான் அந்தப் பேரா?" என்று உண்மையாகவே கேட்டார். ஆங்கில எழுத்தில் இன்னும் மோசம். நான் வைத்த எழுத்துக்கூட்டல் Kuzhavi. வாடிக்கையாளர்கள் தேடுவது Kulavi, Kuzavi, Kulazhi, Koolavi. இன்ஸ்டாகிராமில் தேடிக் கிடைக்கவில்லை என்று எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்களோ. ழகரம் தமிழின் பெருமை, சரி. ஆனால் வாயால் சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டித் தேடி வாங்கும் ஒரு பொருளுக்கு அதை வைத்தால், ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு எழுத்துக்கூட்டல் முளைக்கும்.

இப்போது யாராவது என்னிடம் பெயர் யோசனை கேட்டால் ஒரு சோதனை சொல்கிறேன். பத்துப் பேருக்குப் போன் செய்யுங்கள். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். "இதை இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணி அனுப்புங்க" என்று கேளுங்கள். நோட்டீஸுக்குப் பிறகு பழைய பெயருக்கே இதைச் செய்து பார்த்தேன். பத்துப் பேர், ஆறு விதமான எழுத்துக்கூட்டல். நான் கவரில் அடித்திருந்த எழுத்துக்கூட்டலை அனுப்பியது இரண்டே பேர். அதில் ஒருத்தி என் தங்கை.

சரி, கவர் கதைக்கு வருகிறேன். பணம் போனது அங்கேதான். முதலில் வெள்ளைக் கவரில் ஸ்டிக்கர் ஒட்டித்தான் கொடுத்தேன். ஸ்டிக்கர் எண்ணெயில் ஊறிக் கழன்றது, பார்க்கவும் வீட்டுச் சரக்கு மாதிரி இருந்தது. அதனால் 2022 ஆகஸ்டில் அச்சடித்த கவருக்கு மாறினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரோட்டோ பிரிண்டிங் என்ற முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு சிலிண்டர் செதுக்குவார்கள். கேஸ் சிலிண்டர் அல்ல, டிசைன் பொறித்த உலோக உருளை. என் டிசைனில் ஐந்து நிறம், ஒரு சிலிண்டர் 4,000 ரூபாய், ஆக 20,000. கவர் குறைந்தது 10,000 அடித்தால்தான் மெஷினை ஓட்டுவோம் என்றார்கள். ஒரு கவர் 4.50 ரூபாய், 45,000. பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எழுத்து வரும் நிறங்களின் சிலிண்டர்களைப் புதிதாகச் செதுக்க வேண்டும். என் பெயர் சிவப்பில், மஞ்சள் விளிம்போடு, கறுப்பு நிழலோடு இருந்தது. அழகாகத்தான் இருந்தது.

டிசைன் செய்து கொடுத்த தம்பி பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்துக்குள் R போட்டிருந்தார், ® என்று. "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "எல்லா பிராண்டுலயும் இருக்குக்கா, போட்டா கெத்தா இருக்கும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அந்தக் குறி பதிவான பெயருக்கு மட்டும்தான். விண்ணப்பமே போடாத பெயருக்கு அதைப் போடுவது, பதிவாகாததைப் பதிவானது என்று சொல்வதாகும்; டிரேட்மார்க் சட்டத்தின் 107-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. எனக்கு வந்த நோட்டீஸில் ஒரு பத்தி முழுக்க இதைப் பற்றித்தான். பெயர் ஒத்துப்போனதை "தெரியாமல் நடந்தது" என்று சொல்லிவிடலாம், இந்த ®-க்கு என்ன சொல்வது? பதிவாகும் வரைக்கும் TM என்று போட்டுக்கொள்ளலாம், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். எதுவுமே போடாமல் இருந்தாலும் குடிமுழுகிப் போகாது.

நோட்டீஸ் வந்த மறுநாள் மதுரைக்குப் போய் டிரேட்மார்க் பார்க்கும் ஒரு வக்கீலைப் பார்த்தோம். வீட்டுக்காரர் வழியெல்லாம் "நம்ம என்ன வேணும்னா செஞ்சோம்?" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வக்கீல் அம்மா எங்களிடம் முதலில் கேட்டது, "எப்போதிலிருந்து இந்தப் பெயரில் விற்கிறீர்கள், அதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். இந்தச் சட்டத்தில் முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கு மதிப்பு உண்டாம். நான் 2010-இலிருந்தே அந்தப் பெயரில் விற்று, அதற்குத் தேதி போட்ட பில் வைத்திருந்தால், பின்னால் பதிவு செய்தவர் என்னை நிறுத்த முடியாது. நானோ 2022-இல் தொடங்கினேன். அதற்கும் ஒழுங்கான பில் கிடையாது. டிபார்ட்மென்ட் ஸ்டோரில் துண்டுச் சீட்டில் கணக்கு, மற்றதெல்லாம் வாட்ஸ்அப். எதிர்த்து நிற்க ஒன்றுமில்லை என்று அவர் நேராகவே சொன்னார். அந்த நேர்மைக்காக அவருக்குக் கொடுத்த பணம் எனக்கு உறுத்தவில்லை. இந்த விஷயத்தில் நான் இப்போது செய்வது இதுதான்: ஒரு புதுப் பெயரையோ புது லேபிளையோ முதன்முதலில் விற்கும் நாளில், வரிசை எண்ணும் தேதியும் பிராண்டு பெயரும் உள்ள ஒரு பில் போட்டு, அந்தப் பொருளோடு சேர்த்துப் படம் எடுத்து, எனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்துக்கொள்கிறேன்.

நான் அப்போது ஒரு குறுக்கு வழி யோசித்தேன். "அம்மிக்குழவி" என்று மாற்றிக்கொண்டால்? இல்லையென்றால் முன்னால் ஒரு "ஸ்ரீ" போட்டால்? வக்கீல் அம்மா சிரித்தார். நினைவில் நிற்கிற வார்த்தை எதுவோ அதை அப்படியே வைத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் ஒட்டுப்போட்டால் குழப்பம் தீராது, வாங்குகிறவர் இரண்டும் ஒரே கம்பெனி என்றுதான் நினைப்பார் என்றார். எழுத்துக்கூட்டல் வேறு, தமிழ் எழுத்து வேறு, ஆங்கில எழுத்து வேறு என்பதும் எடுபடாது. காதில் விழுவது ஒன்றா, ஒரே மாதிரிப் பொருளா என்றுதான் பார்ப்பார்கள்.

அப்போதுதான் நான் செய்திருந்த தேடலைச் சொன்னேன். நான் போன தளம் சரியானதுதான், இப்போது அதன் முகவரி tmrsearch.ipindia.gov.in. அதில் Wordmark என்பதைத் தேர்ந்தெடுத்து, Start With என்பதை அப்படியே விட்டு, Kuzhavi என்று தட்டி, என்ன வகைப் பொருள் என்பதைக் குறிக்கும் வகுப்பு 29 என்று கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. சந்தோஷத்தில் துள்ளிக் குதித்தேன். இதில் மூன்று ஓட்டை இருந்தது. ஒன்று, ஒரே எழுத்துக்கூட்டலில் தேடினேன். Start With என்பது நாம் தட்டிய எழுத்துகளிலேயே தொடங்கும் பெயர்களை மட்டும்தான் காட்டும். வேறு எழுத்துக்கூட்டலில் இருப்பதும், முன்னால் இன்னொரு சொல் சேர்ந்திருப்பதும் கண்ணுக்கே தெரியாது. இரண்டு, வகுப்பு. ஊறுகாய் 29-இல் வரும் என்று எங்கோ படித்து அதை மட்டும் பார்த்தேன். மசாலா, பொடி வகைகள் 30. நான் அதிகம் விற்பதே பொடிதான்! மூன்று, Phonetic என்று ஒலியை வைத்துத் தேடும் வழி அதே பக்கத்தில் இருக்கிறது, அதைத் தொடவே இல்லை.

வக்கீல் அம்மா என் கண் முன்னால் தேடிக் காட்டினார். முழுப் பெயரைத் தட்டவில்லை. Contains என்று வைத்து, பெயரின் வால்பகுதியை மட்டும் ulavi, uzhavi, uzavi என்று மாற்றி மாற்றிப் போட்டார். வகுப்பு 30-இல் இரண்டாவது தடவையே அந்த நிறுவனத்தின் பெயர் வந்து நின்றது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இந்த ஐந்து நிமிடத்தை 2022-இலேயே செலவழித்திருந்தால் ஒன்றுமே இல்லை. அந்தத் தளம் காசு கேட்பதில்லை, யார் வேண்டுமானாலும் தேடலாம்.

வகுப்பு விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், வீட்டுச் சரக்குக்காரர்கள் எல்லாரும் தடுமாறுவது இங்கேதான். ஊறுகாய், வாழைக்காய் சிப்ஸ், உருளைச் சிப்ஸ், வறுத்த கடலை இதெல்லாம் 29. மசாலாப் பொடி, இட்லிப் பொடி, சட்னி, மாவில் செய்யும் முறுக்கு, சேவு இதெல்லாம் 30. கடை வைத்து விற்பது 35. ஒரே சமையலறையில் ஒரே ஆள் செய்வது, காகிதத்தில் இரண்டு மூன்று வகுப்பாகப் பிரிந்துவிடும். வேறு வகுப்பில் இருந்தால் தப்பித்தோம் என்று நினைப்பதும் சரியில்லை. ஊறுகாயும் பொடியும் கடையில் ஒரே ரேக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. 29-இல் இருப்பவர் 30-இல் இருப்பவரைத் தடுக்க வாய்ப்பு உண்டு. அதனால் நீங்கள் விற்பது எந்த வகுப்பாக இருந்தாலும் மூன்றிலும் தேடுங்கள்.

கடைசியில் சமாதானமாகவே முடிந்தது. பெயரை விட்டுவிடுகிறோம், கையில் இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க 60 நாள் வேண்டும், ® குறியை உடனே மறைத்துவிடுகிறோம் என்று எங்கள் பக்கம் எழுதிக் கொடுத்தோம். அவர்களும் ஒப்புக்கொண்டார்கள். 60 நாளும் நானும் மகளும் கறுப்பு மார்க்கரோடு உட்கார்ந்து ஒவ்வொரு கவரிலும் அந்தச் சின்ன வட்டத்தை அழித்தோம். நோட்டீஸ் வரும்போது 2,300 கவர் செலவாகியிருந்தது, இந்த 60 நாளில் இன்னும் 700. மீதி 7,000 கவர் வீண், 31,500 ரூபாய். சிலிண்டர் 20,000. வக்கீலுக்கு 11,000. கடை வாசலில் வைத்த போர்டு 3,500. ஊறுகாய் பாட்டில் ஸ்டிக்கர் 1,800. மொத்தம் 67,800. ஒரு கவர் பொடியில் எனக்கு நிற்பது 25 ரூபாய்தான். அந்தப் பெயரில் விற்ற 3,000 கவரின் லாபத்தில் முக்கால்வாசிக்கு மேல் அந்தப் பெயருக்கே போயிற்று. இரண்டு வாரம் அடுப்பே மூட்டவில்லை. யாரிடமும் சொல்லவும் வெட்கம். "பேரு வைக்கத் தெரியாம இவ்வளவு பணத்தை விட்டாளாம்" என்று பேசுவார்களே என்று.

புதுப் பெயர் தேடும்போது மாமியாரின் "கைமணம்" திரும்ப வந்தது. வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். சட்டம் எதிர்பார்ப்பது நமக்குத் தோன்றுவதற்கு நேர் எதிர் என்றார். பொருளின் தரத்தையோ குணத்தையோ நேராகச் சொல்லும் வார்த்தையை ஒரு ஆளுக்குப் பட்டா போட்டுக் கொடுக்க மாட்டார்கள், 9-ஆவது பிரிவில் ஆட்சேபம் வரும். ருசி, காரம், கைமணம், சுவை இதெல்லாம் எல்லாருக்கும் பொது. தமிழில் எழுதினாலும் அதேதான், அர்த்தத்தைப் பார்ப்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அதிலும் புவிசார் குறியீடு வாங்கிய பொருளாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இலும் மணப்பாறை முறுக்குக்கு 2023-இலும் கிடைத்திருக்கிறது. என்னோடு சுயஉதவிக் குழுவில் இருக்கும் ஒரு அக்கா, நன்றாக முறுக்குச் சுடுவார், எங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு "மணப்பாறை" என்று பெயர் வைக்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். அவருடைய முறுக்கு நன்றாகவே இருக்கும், ஆனால் மணப்பாறை முறுக்கு இல்லையே.

மகன் ஆசைப்பட்ட "சுத்தமான"வும் தப்பித்தோம் பிழைத்தோம் கதைதான். உணவு விளம்பரத்துக்கு 2018-இல் வந்த, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் விதிகளில் இதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. இயற்கை, சுத்தம், அசல், பாரம்பரியம் மாதிரி வார்த்தை பிராண்டு பெயரிலேயே இருந்து, வாங்குபவர் அதை வைத்துத் தவறாக நினைக்க வாய்ப்பிருந்தால், "இது வெறும் பிராண்டு பெயர்தான், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல" என்று 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் லேபிளில் போட வேண்டும். பெயரில் சுத்தம் என்று வைத்துவிட்டுக் கீழேயே அது சுத்தத்தைக் குறிப்பதல்ல என்று எழுதினால் யார் வாங்குவார்கள்?

பொருளோடு ஒட்டாத பெயராகத் தேடச் சொன்னார். எங்கள் வீட்டுப் பரணில் என் அப்பா பனை ஓலையில் செய்த கிளி ஒன்று இருந்தது, வால் முறிந்து, நிறம் போய். மகள்தான் "ஓலைக்கிளி?" என்றாள். பொடிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். பொம்மைக் கடைப் பெயர் மாதிரி இருந்தது. போன் சோதனை செய்தேன். பத்தில் ஏழு பேர் Olaikili, மூன்று பேர் நடுவில் ஒரு k கூடப் போட்டு Olaikkili. அவ்வளவுதான் வேறுபாடு. மூன்று வகுப்பிலும் laikil, laikkil, olai, kili என்று துண்டு துண்டாகத் தேடினேன். Olai என்று தொடங்குபவை சில இருந்தன, கிளியும் சில இருந்தன, இரண்டும் சேர்ந்து இல்லை. தேடல் முடிவில் Abandoned, Refused என்று இருந்த பெயர்களையும் விடாமல் கூகுளில் போட்டுப் பார்த்தேன். விண்ணப்பத்தைக் கைவிட்டவர் வியாபாரத்தைக் கைவிட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, கடையில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கலாம். முதலில் பயன்படுத்தியவர் என்ற பலம் அவருக்கு இருக்கும்.

2023 ஜூனில் விண்ணப்பம் போட்டோம். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். 29, 30 இரண்டுக்கும் 9,000. ஆங்கில எழுத்தில் வெறும் சொல்லாகப் போட்டோம், கிளிப் படமோ நிறமோ இல்லாமல். படத்தோடு சேர்த்துப் போட்டால் அந்தப் படத்தோடு சேர்ந்த மொத்த லேபிளாகத்தான் பார்ப்பார்கள், நாளைக்குக் கிளியை மாற்றி வரைந்தால் இடிக்கும். சொல்லாகப் போட்டால் எந்த எழுத்து அழகில் எழுதினாலும் சொல் நம்முடையது என்று விளக்கினார். தமிழ் எழுத்து உள்ள லேபிளையும் பிறகு தனியாகப் போடலாம், அதற்கு உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் சேர்ந்ததும் அதையும் போட எண்ணம்.

சில மாதம் கழித்து ஆய்வு அறிக்கை வந்தது, Objected என்ற நிலையோடு. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஆடிவிட்டது. "ஓலை" என்று தொடங்கும் வேறொரு பெயரைக் காட்டியிருந்தார்கள். இது பலருக்கும் வருவதுதான், முழுப் பெயரையும் சேர்த்துப் பார்க்கும்போது குழப்பம் வராது என்று பதில் எழுதினால் போதும் என்றார் வக்கீல் அம்மா. ஆனால் அறிக்கை கைக்கு வந்து 30 நாளுக்குள் பதில் போயாக வேண்டும். விட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அறிக்கை மின்னஞ்சலில்தான் வரும். எனக்கு வந்தது ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது, வக்கீல் அலுவலகத்தில் சொல்லித்தான் தெரியும். பதில் ஏற்றுக்கொள்ளப்பட்டு, டிரேட்மார்க் இதழில் பெயர் வெளியானது. அதிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அந்த நான்கு மாதமும் தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். எதிர்ப்பு வரவில்லை. 2024-இல் சான்றிதழ் வந்தது, விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து வருடத்துக்கு.

இந்த ஒரு வருடத்துக்கும் மேலாக நான் அச்சடித்த கவர் பக்கமே போகவில்லை. மஞ்சள் நிற வெறும் கவர், அதில் ஸ்டிக்கர். எண்ணெயில் கழலாமல் இருக்க, காகிதத்துக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்டிக்கருக்கு மாறினேன். ஒன்று 1.20 ரூபாய், விலை கூடுதல்தான், ஆனால் ஒரு தடவைக்கு 500 மட்டும் அடித்துக்கொள்ளலாம். பெயர் போனாலும் 600 ரூபாயோடு போகும். சிலிண்டர் செதுக்குவதை எதிர்ப்புக் காலம் தாண்டும் வரைக்கும் தள்ளிப்போடுங்கள் என்பேன். கடைக்காரர் எவ்வளவு நச்சரித்தாலும் சரி.

மஞ்சள் நிறத்தை வேண்டுமென்றேதான் விடாமல் வைத்துக்கொண்டேன். பெயர் மாறியதைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படிச் சொல்வது என்பது பெரிய கவலையாக இருந்தது. "முன்பு இன்ன பெயர்" என்று கவரில் போடலாமா என்றால், அந்தப் பெயரை இனி எந்த விதத்திலும் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதனால் கூடாது. பழைய டிசைனில் எங்களுக்கென்று இருந்தது மஞ்சளும், வாயில் கட்டிய சிவப்பு நூலும்தான். அதை வைத்துக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வந்ததைப் பார்த்தால் பாதிப் பேருக்குப் பழைய பெயரே தெரிந்திருக்கவில்லை! ஒரு அம்மா தன் போனில் என் எண்ணை எப்படிச் சேமித்திருக்கிறார் என்று படம் பிடித்து அனுப்பினார். "பொடி அக்கா மஞ்ச கவர்."

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவை என் சொந்தப் பெயரில் எடுத்திருந்ததால் அதைத் தொட வேண்டி வரவில்லை. எண் அதேதான், லேபிளில் அப்படியே போனது. பிராண்டு பெயர் மாறினாலும் "இட்லிப் பொடி", "எலுமிச்சை ஊறுகாய்" என்று பொருளின் சாதாரணப் பெயர் லேபிளில் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அதைப் பெரிய எழுத்தில் தனி வரியாக வைத்தேன். இதனால் இன்னொரு லாபமும் உண்டு. பொருள் என்ன என்று சொல்லும் வேலையை அந்த வரி பார்த்துக்கொள்கிறது. கிளி பாட்டுக்குக் கிளியாக இருக்கலாம்.

அந்த 7,000 கவரில் பாதியைப் பழைய பிளாஸ்டிக் எடுப்பவரிடம் போட்டேன், எடைக்கு. மீதியை மாமியார் தூக்கி எறிய விடவில்லை. உட்புறத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, வத்தலும் புளியும் கட்டிப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். அதை இறக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே கறுப்பு மையால் அழித்த அந்தச் சின்ன வட்டம் கண்ணில் படும்.